இடப்பக்கம் தள்ளியவை

அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, நான்காவது மாடி வீடு ஒன்றின் சமையலறையில், சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

அப்போது டேப்லெட்டின் முன்னால் இருந்தது மின்னஞ்சலுக்கு உரியவள் அல்ல, அவளுடைய நாத்தனார். பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் இருக்கும் வளைந்த குழாயை எப்படிக் கழற்றுவது என்று ஒரு வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ரப்பர் உறை, காலடியில் வாளி. திரையின் மேல் ஓரத்தில் அறிவிப்பு வந்து நின்றது. அனுப்பியவர் பெயர், ஒரு வழக்கு எண், அதன் கீழே ஒரு வரி. எண்ணை அவள் கவனித்திருக்க மாட்டாள். அந்த வரியில் இருந்த ஆணின் பெயரைக் கவனித்தாள். மூன்று வாரமாக அந்த வீட்டில் எல்லோர் வாயிலும் புழங்கிக்கொண்டிருந்த பெயர் அது. ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு அறிவிப்பைத் தொட்டாள்.

மின்னஞ்சலுக்கு உரியவள் அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியில், ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில், "எனக்கு இடுப்புல கத்தியால குத்துற மாதிரி வலிக்குது" என்று அந்த நாட்டு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். வலி அவளுக்கில்லை. பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த பெரியவருக்கு. அவள் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பள்ளிக்கூடம், எங்கே கூப்பிட்டாலும் போய், தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்காக வாயாக இருப்பது தொழில். அந்தத் தொழிலின் முதல் விதி, எதிரில் இருப்பவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். இரண்டாவது விதி, கதவைத் தாண்டி வந்ததும் அந்த 'நான்' உன்னுடையது அல்ல.

"எங்க அண்ணி வாயத் தொறந்தா அடுத்தவங்க கதை. மூடினா அதுவும் இல்ல" என்று நாத்தனார் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். உண்மையில் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். தமிழர்கள் முந்நூறு நானூறு குடும்பம் இருக்கிற ஊரில், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லாம் தெரிந்த ஒருத்தி, எதுவும் தெரியாதவள் போல எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது சின்ன வித்தையா?

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் நிறுவனத்திலிருந்து காகிதங்கள் மின்னஞ்சலில் வரும். மனு, மருத்துவக் குறிப்பு, எதிர்த்தரப்பின் பதில். சொற்களைத் தயார் செய்துகொள்வதற்காக. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். அழித்துவிட்டேன் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அதில் கறார். வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் போனை எடுத்து, அந்த அஞ்சலைக் கட்டை விரலால் இடப்பக்கம் ஒரு தள்ளு தள்ளுவாள். அது ஓடி மறையும். அன்றைய 'நான்'களும் அதோடு போய்விட்டதாக அவளுக்குத் தோன்றும். அப்புறம்தான் பேருந்தில் ஏறுவாள்.

அன்று அவள் வீடு திரும்பியபோது மணி பன்னிரண்டு. தொட்டியில் தண்ணீர் அப்படியே நின்றது. நாத்தனார் மேசை முன் உட்கார்ந்திருந்தாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். ஒரு மணிக்கு வேலை. இன்னும் சீருடை மாற்றவில்லை.

"அண்ணி, இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"யாரை?"

"நடிக்காதீங்க. கண்ணாடிக்காரரை."

கண்ணாடிக்காரர் என்பது அந்த வீட்டில் அவருக்கு வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துபவர். நாற்பத்திரண்டு வயது. மணமாகி விலகியவர், எட்டு வயதில் ஒரு பெண் உண்டு. அதையெல்லாம் அவரே முதல் நாளே சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு வயது வரை, வந்த வரன்களையெல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் தட்டிக்கழித்த நாத்தனாருக்கு இவரைப் பிடித்துப்போனது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வீட்டுக்கு வந்தார். மொழிபெயர்ப்பாளர் தேநீர்க் கோப்பையை நீட்டியபோது, அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, முன்பின் பார்த்திராதவர்போல "வணக்கங்க" என்றார். அவளும் "வணக்கம்" என்றாள். பதினெட்டு மாதத்துக்கு முன், குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் எண் அறையில், அவருடைய காதருகே ஒன்றரை மணி நேரம் அவள் கிசுகிசுத்திருக்கிறாள். அவர் சொன்னதையெல்லாம் 'நான்', 'நான்' என்று நீதிபதியிடம் சொல்லியிருக்கிறாள்.

நாத்தனார் டேப்லெட்டைத் திருப்பி வைத்தாள்.

மொழிபெயர்ப்பாளருக்கு முதலில் புரியவில்லை. அந்த அஞ்சல் இருக்கவே கூடாது. அது அழிந்து பதினெட்டு மாதம் ஆகிறது. ஆனால் திரையில் அது இருந்தது, உள்பெட்டியின் உச்சியில், தடித்த எழுத்தில். இன்று காலை நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் அதே அஞ்சலுக்குப் பதில் எழுதியிருந்தார்: இந்த வழக்கு முடிந்துவிட்டது, ஆவணங்களை அழித்ததை உறுதிசெய்யவும். அதற்குக் கீழே, பழைய மூன்று அஞ்சல்களும் வரிசையாக. மூன்றாவதில், பெண்ணை யார் வளர்ப்பது என்று அவருடைய முன்னாள் மனைவி போட்ட மனு. பதினொரு பக்கம்.

"படிச்சியா?"

"மூணு பக்கம் படிச்சேன். அதுக்கு மேல முடியல." நாத்தனார் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மனநோய் ஆஸ்பத்திரியில இருபத்தோரு நாள் இருந்திருக்காரு. புள்ளையைப் பள்ளிக்கூட வாசல்லயே மறந்து விட்டுட்டு வந்திருக்காரு. ராத்திரி ஏழு மணி வரைக்கும் அது அங்கயே நின்னுட்டு இருந்திருக்கு. இது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அவருக்கு டீ போட்டுக் குடுத்தீங்க."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள்.

"மூணு வாரம் அண்ணி. ஒரு வார்த்தை. 'கொஞ்சம் விசாரிச்சுக்கோடி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க நாக்கு அழுகியா போயிடும்?"

"சொல்லக் கூடாது."

"சரி, சொல்லக் கூடாது. அப்போ இது எப்படி இங்க வந்துச்சு? வாயால சொல்ல முடியாதுன்னு வேணும்னே கண்ணுல படற மாதிரி விட்டு வச்சீங்களா?"

இரண்டு குற்றச்சாட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டும் சேர்ந்தே வலித்தன. சொல்லாமல் இருந்ததற்கும் அவள்தான் காரணம், சொல்லிவிட்டதற்கும் அவள்தான்.

"நான் இதை அழிச்சேன்" என்றாள். "சத்தியமா அழிச்சேன்."

"அழிச்சது எந்திரிச்சு வருமா?"

நாத்தனார் எழுந்து சீருடை மாற்றப் போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நல்லவரா, இல்லையா? ஆமா இல்லைன்னு தலையை ஆட்டினா போதும்."

அவள் தலையை ஆட்டவில்லை. அது எவ்வளவு கடினம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மனு என்பது முதல் நாள் ஒரு தரப்பு எழுதிக் கொடுப்பது. அன்று நீதிமன்ற அறையில் நடந்தது வேறு. மருத்துவர் வந்து பேசினார். நோய் என்ன, மருந்து என்ன, இப்போது எப்படி இருக்கிறார் என்று. பிறகு கண்ணாடிக்காரர் எழுந்து, "நான் அன்னிக்குப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனேன். எதுக்கு வந்தேன்னு தெரியல. அதனால திரும்பி வந்துட்டேன். அதை மறைக்க நான் வரல" என்றார். அந்த 'நான்' அவள் வாயிலிருந்துதான் நீதிபதிக்குப் போனது. தீர்ப்பையும் அவள்தான் அவருக்குத் தமிழில் சொன்னாள். நாத்தனாரிடம் பாதிக் காகிதம் இருந்தது. மீதியைச் சொல்ல அவளுக்கு நாக்கு இருந்தது, உரிமை இல்லை.

"அவர்கிட்டயே கேளு" என்றாள்.

"நல்லா இருக்கு நியாயம்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள் நாத்தனார்.

அவள் போனை எடுத்தாள். அழித்த அஞ்சல்கள் முப்பது நாள் குப்பைப் பெட்டியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். திறந்தாள். கணினியில் அழித்த விளம்பரங்கள் நாலைந்து கிடந்தன, வேலை அஞ்சல் ஒன்றுகூட இல்லை. போன வாரம் தள்ளியதுகூட இல்லை. பக்கவாட்டுப் பட்டியலில் 'எல்லா அஞ்சலும்' என்றிருந்ததை இத்தனை நாளில் அவள் தொட்டதே இல்லை. தொட்டாள்.

எல்லாம் இருந்தன. இடுப்பு வலிக்காரர், கருச்சிதைவான பெண், கடையில் திருடியதாகப் பிடிபட்ட பதினாறு வயதுப் பெண்ணின் தாய், வேலையிலிருந்து நீக்கப்பட்ட வெல்டர். பேருந்து நிறுத்தத்தில் விரலால் தள்ளிவிட்டு, மனசு லேசாகி ஏறிப்போன ஒவ்வொருவரும் வரிசையில் நின்றார்கள். நிறுவனத்தின் பெயரைத் தேடலில் போட்டு எண்ணினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. மிகப் பழையது போன ஆண்டு பிப்ரவரி. அதற்கு முன் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி. புதுப் போன் வாங்கிய மாதம்.

உள்பெட்டிக்கு வந்து ஒரு விளம்பர அஞ்சலை, இம்முறை விரலை எடுக்காமல், மெதுவாக இடப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். பின்னால் பச்சை நிறம் விரிந்தது. அதில் ஒரு சின்னப் பெட்டி, பெட்டிக்குள் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. விரலை விட்டதும் கீழே ஒரு வரி ஓடியது: 'காப்பகத்துக்கு மாற்றப்பட்டது.' பக்கத்தில் 'செயல்தவிர்'. மூன்று நான்கு நொடியில் அதுவும் மறைந்தது. இருபது மாதமாக ஒவ்வொரு முறையும் அந்த வரி வந்திருக்கிறது. அவள் அதற்குள் பேருந்து வருகிறதா என்று பார்க்கத் தலையைத் திருப்பியிருப்பாள்.

பழைய போனில் அந்த இடத்தில் சிவப்பு நிறமும் குப்பைத்தொட்டியும் வரும். அது இப்போது ஞாபகம் வந்தது. சில வருடத்துக்கு முன், நிறுவனத்தின் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஒருவர் எல்லோர் போனையும் வாங்கி அந்த அமைப்பை மாற்றிக் கொடுத்தார். புதுப் போனில் அதே அஞ்சல் கணக்கு, அதே கடவுச்சொல், அதே அஞ்சல்கள். விரலும் அதேதான். தள்ளினால் என்ன நடக்கும் என்பது மட்டும் கணக்கோடு வரவில்லை. அது போனிலேயே தங்கிவிடுகிற சங்கதி. புதுப் போன் தன் வழக்கப்படி எதைத் தள்ளினாலும் பத்திரப்படுத்தியது. பத்திரப்படுத்திய அஞ்சலுக்கு யாராவது பதில் போட்டால், அது பழைய கதை முழுவதையும் இழுத்துக்கொண்டு உள்பெட்டிக்கு வந்துவிடும். அழித்திருந்தால் இன்றைய பதில் தனி ஆளாக வந்து நின்றிருக்கும். அழித்தாயா என்று கேட்டு வந்த அஞ்சலே அழியாததைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

டேப்லெட்டுக்கு எப்படி என்பதும் புரிந்தது. போன வாரம்தான், சமையலறையில் வீடியோ பார்க்க ஓர் ஆப் வேண்டும் என்று நாத்தனார் கேட்டபோது, தன் கணக்கைப் போட்டு இறக்கிக் கொடுத்திருந்தாள். கணக்கோடு அஞ்சலும் சேர்ந்தே வரும் என்று தோன்றவில்லை.

கணவன் மூன்று மணிக்கு வந்தான். குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். தங்கை வேலைக்குப் போகும் வழியிலேயே அவனுக்குப் போன் செய்து அழுதிருந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான்.

"சரி, இப்போ என்ன? உக்காந்து இருநூத்துப் பன்னெண்டையும் அழி. குப்பையையும் காலி பண்ணு. அப்புறம் 'அழிச்சாச்சு'ன்னு பதில் போடு. பொய்யும் இல்லையே, அழிச்சிட்டுத்தானே சொல்ற."

"ஜனவரியில கையெழுத்துப் போட்டேனேங்க. அது?"

"அது தெரியாமப் போட்டது."

"இன்னிக்குப் போட்டா அது தெரிஞ்சு போடறது."

"அம்மா தாயே, உன் லைசென்ஸ் போயிடும். அப்புறம் உனக்கு யாரு மொழிபெயர்ப்பாங்க?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கும்தான். ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே, "என் தங்கச்சி யார்கிட்டயும் சொல்ல மாட்டா. வீட்டுக்குள்ளயே முடிஞ்சு போற விஷயம்" என்றான்.

அதை அவள் யோசிக்காமல் இல்லை. ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. பதினொரு வருடமாகக் கட்டிய பேர் அப்படியே இருக்கும். ஆனால் இந்தக் காகிதம் தன் நாத்தனார் கண்ணில் பட்டது என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார். தேநீர்க் கோப்பையை நீட்டுவாள். அவர் மறுபடியும் முன்பின் தெரியாதவர்போல "வணக்கங்க" என்பார். அவளைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாலு மணிக்கு ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தாள். அவரும் ஒரு காலத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்தான். இப்போது தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார்.

"அழிக்கல சார். அழிச்சதா நினைச்சிட்டிருந்தேன். வீட்டுல ஒருத்தர் படிச்சிட்டாங்க."

"எத்தனை?"

"படிச்சது ஒண்ணு, மூணு பக்கம். இருக்கறது இருநூத்துப் பன்னெண்டு."

அவர் பெருமூச்சு விட்டார். எப்படி நடந்தது என்று கேட்டார். இடப்பக்கம் தள்ளினேன் என்றாள். பச்சை நிறம், பெட்டி, அம்புக்குறி.

"ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க."

நிமிடம் ஒன்றல்ல, மூன்று ஆனது. மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"எனக்கும் பச்சைதாம்மா வருது" என்றார்.

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னுது ஆயிரத்துச் சொச்சம் இருக்கும்" என்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. நீங்க சொல்லிட்டீங்க, நான் எழுதியே ஆகணும். உங்க மேல விசாரணை வரும். யாரோட காகிதம் வெளிய போச்சோ அவருக்கு நாங்க கடிதம் அனுப்பணும், அது விதி. வழக்கு எண்ணெல்லாம் ஒரு பட்டியல் எடுத்து எனக்கு அனுப்புங்க. நான் கிடைச்சதுன்னு சொன்னதும் அழிங்க. அதுக்கு முன்னாடி வேண்டாம். டேப்லெட்ல இருந்து கணக்கை இப்பவே எடுத்துடுங்க."

இரவுச் சாப்பாட்டுக்கு முன் பட்டியல் போய்விட்டது. பதில் வந்ததும் தேடலில் வந்த அனைத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். குப்பைப் பெட்டியைத் திறந்து காலி செய்தாள். அமைப்புகளுக்குள் போய், பொது அமைப்பில், தள்ளும்போது என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தைக் கண்டுபிடித்தாள். வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. இரண்டிலும் 'காப்பகம்' என்றே இருந்தது. மாற்று என்பதைத் தொட்டதும் பட்டியல் விரிந்தது: காப்பகம், நீக்கு, படித்ததாகக் குறி, வேறிடத்துக்கு நகர்த்து, பிறகு நினைவூட்டு, எதுவும் வேண்டாம். இடப்பக்கத்துக்கு 'நீக்கு'. வலப்பக்கத்துக்கு 'எதுவும் வேண்டாம்'. கை தவறி எந்தப் பக்கமும் ஒளித்துவைக்கக் கூடாது. வெளியே வந்து ஒரு விளம்பரத்தைத் தள்ளிப் பார்த்தாள். சிவப்பு, குப்பைத்தொட்டி. விரலுக்கு வித்தியாசம் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. இருபது மாதம் அவள் மறந்ததாக நினைத்ததற்கும் உண்மையில் மறப்பதற்கும் விரல் ஒரே மாதிரிதான் நகர்ந்தது.

நாத்தனார் ஒன்பதரைக்கு வந்து, தொட்டியின் அடியில் படுத்துக் குழாயைக் கழற்றி, அடைத்திருந்ததை வாளியில் கொட்டினாள். அண்ணியோடு பேசவில்லை. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள்.

நான்கு நாள் அப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று நாத்தனார் கண்ணாடிக்காரருக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். காரணம் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை நாத்தனாரின் போன் அடித்தது. அவள் பால்கனிக்குப் போய்ப் பேசினாள். வந்து, அண்ணியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவருக்குக் கடிதம் வந்திருக்கு. 'உங்க வீட்டுல என் மேல போட்ட மனு இருந்துச்சாம், படிச்சீங்களா'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். எத்தனை பக்கம்னாரு. மூணுன்னேன்." போனை மேசையில் வைத்தாள். "'மொத்தம் பதினொண்ணு. அதுக்கப்புறம் தீர்ப்பு ஒரு நாலு பக்கம். ரெண்டையும் எடுத்துட்டு வரேன், நானே படிச்சுக் காட்டறேன், நாளைக்கு வரலாமா'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"வாங்கன்னேன்." மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினாள். "உங்க மேல கோவமான்னு கேட்டேன். 'அவங்க இல்லன்னா அன்னிக்கு எனக்குக் குரலே இல்லை'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களும் சொல்ல மாட்டீங்க."

"மாட்டேன்."

"தெரியும். கல்லு" என்றாள் நாத்தனார். ஆனால் இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டு போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் வந்தார். கையில் பழுப்பு உறை. மொழிபெயர்ப்பாளர் வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கோங்க" என்றாள். "அன்னிக்கே நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்ங்க, எனக்குத்தான் வாய் வரல" என்றார் அவர். அவள் படியிறங்கிப் போனாள். உள்ளே பேசுவது காதில் விழக் கூடாது. கணவனும் கூட வந்தான். பேருந்து நிறுத்தத்து இருக்கையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேருந்துகள் வந்து போயின. எதிலும் ஏறவில்லை.

நவம்பர் மூன்றாம் தேதி நிறுவனம் தன் மொழிபெயர்ப்பாளர்கள் அனைவருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பச்சைப் பெட்டிக்கும் சிவப்புத் தொட்டிக்கும் படம் போட்டிருந்தது. போன் மாற்றும்போதெல்லாம் இதை மறுபடியும் சரிபார்க்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. விசாரணையின் முடிவில் அவளுடைய பதிவு நான்கு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. ஒருங்கிணைப்பாளருக்கு எழுத்தில் எச்சரிக்கை.

அடுத்த ஆண்டு மே மாதம், பதிவு அலுவலகத்தில் நாத்தனாருக்கும் கண்ணாடிக்காரருக்கும் திருமணம் நடந்தது. மணமகனுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று அலுவலகம் கேட்டிருந்தது. உறவினர் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்பது விதி. நிறுவனம் வேறொருவரை அனுப்பியது.